சானலை அழிக்கும் முன் 186 கூத்து வீடியோக்களின் மூலக் கோப்புகளை எடுத்துவைப்பது எப்படி?

பாலாற்றங்கரையான் | 3-2-2025, இரவு 9:40

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தை 2014 முதல் 2023 வரை நானும் என் பெரியப்பா மகனும் படம்பிடித்து, இருவருக்கும் பொதுவான ஒரு யூடியூப் சானலில் ஏற்றிவந்தோம். மொத்தம் 186 வீடியோக்கள் இருக்கின்றன. இப்போது எங்கள் கூத்து ஜமா இரண்டாகப் பிரிந்துவிட்டது. சண்டை ஏதும் இல்லாமல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஆளுக்கொரு முழுப் பிரதியை எடுத்துக்கொண்டு பொதுச் சானலை அழித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் மெமரி கார்டை அழித்து அடுத்த ஊருக்குப் பயன்படுத்தினோம். ஆகவே மூலப் படங்கள் எங்களிடம் இல்லை, யூடியூப்பில் ஏற்றியது மட்டும்தான் இருக்கிறது. நேற்று யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு வீடியோவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு இறக்கிப் பார்த்தேன். 12 நிமிட வீடியோ 130 எம்.பி. அளவில் வந்தது. ஏற்றிய அன்று அது ஒன்றரை ஜி.பி.க்கு மேல் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை ஏற்றி முடிக்க விடிய விடிய ஆனது. இறங்கிய படத்தில் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒன்றோடொன்று கரைந்து வெள்ளைத் திட்டாகத் தெரிகின்றன. நான் ஏற்றிய கோப்பையே அப்படியே திரும்பப் பெற வழி இருக்கிறதா?

வாலாஜா ஓய்வாசிரியர் | 4-2-2025, காலை 6:15

தம்பி, நீங்கள் செய்தது சரியான முறைதான். ஸ்டூடியோவில் இறக்குவதுதான் அதிகாரபூர்வ வழி. என் பாட வீடியோக்கள் நாற்பதையும் நான் அப்படித்தான் எடுத்தேன். யூடியூப் ஏற்றிய வீடியோவைச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும், மூலத்தை எறிந்துவிடும். கிடைப்பதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, சானலை நீங்கள் அழிக்கவே வேண்டாம். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாமல் விட்டால் கூகுளே கணக்கை அழித்துவிடும்.

குடியாத்தம் இளையவன் | 4-2-2025, காலை 8:02

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? யூடியூப் பிரீமியம் ஒரு மாதத்துக்கு வாங்கி, 186 வீடியோக்களையும் போனில் ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளலாமே. நான் பேருந்தில் பார்ப்பதற்கு அப்படித்தான் செய்கிறேன்.

காட்பாடிக்காரி | 4-2-2025, இரவு 10:20

பிரீமியத்தில் இறங்குவது அந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும் பிரதி. அதை எடுத்து வட்டில் வைக்க முடியாது. சானலில் வீடியோ அழிந்ததும் உங்கள் போனிலும் அது ஓடாது. பாலாற்றங்கரையார் கேட்பது பார்ப்பதற்கான வழி அல்ல, வைத்துக்கொள்வதற்கான வழி.

ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதி சரி. ஸ்டூடியோ வழி அதிகாரபூர்வமானதுதான். ஆனால் அது தருவது 720 அல்லது 360 அளவுக்குக் குறைத்த எம்.பி.4 பிரதி மட்டுமே. மூலத்தை யூடியூப் எறிந்துவிடுகிறது என்பது தவறு. ஏற்றிய கோப்பைத் திரும்பக் கேட்பதற்கான இடம் `takeout.google.com`. அங்கே எல்லாச் சேவைகளும் முதலிலேயே தேர்வாகியிருக்கும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு யூடியூப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளும் வீடியோக்கள், வீடியோ விவரங்கள், பிளேலிஸ்ட், கருத்துகள், சானல் ஆகியவை போதும். பார்த்த வரலாறு உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டு ஆண்டு விதி பற்றி: பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கப்போவதாக 2023இல் கூகுள் அறிவித்தபோதே, யூடியூப் வீடியோக்கள் உள்ள கணக்குகளை அழிக்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்றும் சொன்னது. சும்மா விட்டுவைத்தால் அது தானாக அழியாது. கடவுச்சொல்லை மறந்த ஒரு சானலாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பாலாற்றங்கரையான் | 5-2-2025, இரவு 11:05

சொன்னபடி செய்தேன். அரை மணி நேரத்திலேயே மடல் வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு திறந்தால் மொத்தக் கோப்பும் 3 எம்.பி. மட்டும். உள்ளே என் சந்தாக்களின் பட்டியலும், நான் பிறர் வீடியோக்களில் எழுதிய சில கருத்துகளும் இருந்தன. வீடியோ என்ற பெயரில் ஒரு மடிப்பறைகூட இல்லை. சானலில் 186 வீடியோக்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

காட்பாடிக்காரி | 6-2-2025, காலை 7:30

இருவருக்கும் பொதுவான சானல் என்று முதலிலேயே சொன்னீர்கள், நான்தான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் சானல் பிராண்ட் கணக்கில் இருக்கிறது. அதாவது சானல் உங்கள் ஜிமெயிலுக்குள் இல்லை, தனிக் கணக்காக நிற்கிறது, நீங்கள் அதன் உரிமையாளர்களில் ஒருவர். டேக்அவுட் பக்கத்தின் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, சானலின் பெயருக்கு மாறிய பிறகுதான் கேட்க வேண்டும். மாறாமல் கேட்டால் உங்கள் சொந்தக் கணக்கின் தரவு மட்டும் வரும். இவ்வளவு பெரிய சானலுக்கு அரை மணியில் பதில் வந்ததே அதற்கான அடையாளம்.

ஆம்பூர் தோல்கடை | 6-2-2025, மாலை 5:48

என் நிலைமையும் இதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் காலணிக் கடையின் சானலை என் முன்னாள் பங்காளி தொடங்கினார். எனக்கு மேலாளர் உரிமை கொடுத்திருக்கிறார். ஸ்டூடியோவில் எல்லாம் தெரிகிறது, வீடியோ ஏற்றவும் முடிகிறது. ஆனால் டேக்அவுட் பக்கத்தில் கடை சானலின் பெயரே வரவில்லை. எங்கே மாறுவது?

காட்பாடிக்காரி | 6-2-2025, இரவு 9:12

உங்களுடையது வேறு. ஸ்டூடியோவின் அனுமதிகள் பகுதி வழியாகத் தந்த உரிமை ஸ்டூடியோவோடு நின்றுவிடும். அந்த உரிமையைக் கொண்டு கணக்கின் தரவைக் கேட்க முடியாது. உங்கள் பங்காளியே தம் கணக்கில் நுழைந்து கேட்க வேண்டும். அவர் அழித்துவிட்டால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது என்பதால் விரைவாகப் பேசுங்கள்.

பாலாற்றங்கரையான் | 8-2-2025, பிற்பகல் 2:10

சானல் பெயருக்கு மாறி 6ஆம் தேதி இரவு மீண்டும் கேட்டேன். இன்று மடல் வந்தது. மொத்தம் ஏறத்தாழ 260 ஜி.பி. இம்முறை நம்பிக்கை பிறந்திருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் வேலை எளிது என்று எண்ணி, இருப்பதிலேயே பெரிய 50 ஜி.பி. அளவைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு துண்டுகள்தான்.

பாலாற்றங்கரையான் | 15-2-2025, இரவு 10:30

மேலே எழுதியதைத் திருத்துகிறேன், யாரும் 50 ஜி.பி. அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எங்கள் வீட்டு இணைப்பில் விநாடிக்கு 5 எம்.பி. இறங்கும். அந்த வேகத்தில் ஒரு துண்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. இரண்டு முறை பாதியைத் தாண்டியபின் இணைப்பு அறுந்தது. உலாவி விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு துண்டை இறக்க ஐந்து வாய்ப்புகள்தான் உண்டு என்பதும், மடல் வந்த ஏழு நாளில் இணைப்பு காலாவதியாகிவிடும் என்பதும் பக்கத்திலேயே எழுதியிருந்தன, நான் கவனிக்கவில்லை. மூன்று துண்டுகள் இறங்கிய நிலையில் இன்று காலத்தவணை முடிந்துவிட்டது.

புதிதாகக் கேட்டிருக்கிறேன், இம்முறை 10 ஜி.பி. அளவில். ஒரு துண்டுக்கு அரை மணியைக் கொஞ்சம் தாண்டும், அறுந்தாலும் இழப்பு சிறியது. ஏற்கெனவே இறங்கிய மூன்று துண்டுகளோடு புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

காட்பாடிக்காரி | 16-2-2025, காலை 6:50

சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வீடியோக்களைப் புதிதாகப் பிரித்து அடுக்குவார்கள். பழைய மூன்றாம் துண்டுக்கும் புதிய மூன்றாம் துண்டுக்கும் தொடர்பு இருக்காது. எண்ணிப் பார்க்கும்போது குழப்பம்தான் மிஞ்சும். புதிய தொகுதி முழுதும் வந்து சரிபார்த்த பிறகு பழையதை அழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் திறக்கக்கூடிய ஜிப் கோப்புதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விரித்தால் மடிப்பறைகள் தாமாக ஒன்றுசேரும். வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பழைய பென் டிரைவ்களில் உள்ள ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. வட்டில் இடம் இருந்தும் கோப்பு மிகப் பெரியது என்று மறுத்தால் காரணம் அதுதான்.

பாலாற்றங்கரையான் | 20-2-2025, இரவு 8:15

26 துண்டுகளும் இறங்கிவிட்டன. முதலில் பார்த்தது அந்த 12 நிமிட வீடியோவைத்தான். இப்போது அது ஒன்றரை ஜி.பி.க்குச் சற்று மேல் இருக்கிறது. கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. பெட்ரோமாக்ஸ் காலத்துக் கூத்தைப் பார்த்த என் அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வாத்தியாரின் முகத்தில் அரிதாரம் வியர்வையில் வழிந்ததைக் காட்டினார். 130 எம்.பி. பிரதியில் அந்த இடம் வெறும் சிவப்பாகத்தான் இருந்தது.

ஆனால் சானலில் 186, விரித்த மடிப்பறையில் 179. ஏழு வீடியோக்களைக் காணவில்லை.

வாலாஜா ஓய்வாசிரியர் | 20-2-2025, இரவு 9:01

காப்புரிமைப் புகார் வந்த வீடியோக்களைத் தரமாட்டார்கள். அந்த ஏழும் அவையாக இருக்கும்.

காட்பாடிக்காரி | 20-2-2025, இரவு 9:40

காரணத்தை ஊகிப்பதற்கு முன் துண்டுகளைச் சோதியுங்கள். செவன்-ஜிப்பில் சோதனை செய்யும் கட்டளை உண்டு. இருபத்தாறையும் ஒரே வரியில் சோதிக்கலாம்.

```
7z t takeout-*.zip
```

கோப்பை விரிக்காமல், உள்ளே இருப்பது முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 260 ஜி.பி.யையும் படிக்க வேண்டும் என்பதால் சில மணி நேரம் ஆகலாம்.

பாலாற்றங்கரையான் | 21-2-2025, காலை 5:55

17ஆம் துண்டு பாதியில் முடிந்துவிட்டது என்று பிழை வந்தது. அளவைப் பார்த்தால் மற்றவை 10 ஜி.பி.யை ஒட்டி இருக்க, அது மட்டும் 6 ஜி.பி. இரவில் இறக்கவிட்டுத் தூங்கியபோது அறுந்திருக்கிறது. விரிக்கும்போது விண்டோஸ் அதைத் திறக்க மறுத்ததை இருபத்தைந்து துண்டுகளுக்கு நடுவே நான் கவனிக்கவில்லை. ஏழு நாள் முடியவில்லை என்பதால் மீண்டும் இறக்கினேன். ஏழு வீடியோக்களும் அதில் இருந்தன. 186க்கு 186. எண்ணாமல் அழித்திருந்தால் அந்த ஏழும் போயிருக்கும்.

பாலாற்றங்கரையான் | 22-2-2025, இரவு 10:45

எண்ணிக்கை சரி, ஆனால் எந்தக் கோப்பு எந்த வீடியோ என்பது இன்னும் தெளிவாகவில்லை. கோப்புகளின் பெயராக வீடியோவின் தலைப்புத்தான் வந்திருக்கிறது. நாங்கள் எல்லாத் தலைப்புகளையும் கோயில் பெயர், ஊர் பெயர், ஆண்டு என்று ஒரே மாதிரி தொடங்கி, எந்த இரவு, எந்தப் பகுதி என்பதைக் கடைசியில் எழுதினோம். நீளமான தலைப்பின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டு, ஒரே பெயரில் (1), (2), (3) என்று எண்கள் ஒட்டி வந்திருக்கின்றன. பன்னிரண்டாம் இரவும் பதினாறாம் இரவும் பெயரில் ஒன்றுபோலவே நிற்கின்றன.

விவரங்கள் `videos.csv` என்ற கோப்பில் இருப்பதாகத் தெரிந்து எக்செலில் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாத் தலைப்புகளும் `à®ªà®¾à®°` என்பதுபோல் இருக்கின்றன. பத்தாண்டு விவரமும் சிதைந்துவிட்டதா?

காட்பாடிக்காரி | 23-2-2025, காலை 7:05

சிதையவில்லை. நீங்கள் காட்டிய எழுத்துகள் "பார" என்பதுதான். கோப்பு யு.டி.எஃப்-8 முறையில் இருக்கிறது, எக்செல் அதைப் பழைய ஆங்கில முறை என்று நினைத்துப் படிக்கிறது. முக்கியமாக, அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, எக்செலில் வெற்றுத் தாளைத் திறந்து, தரவு என்ற பட்டியிலிருந்து உரைக் கோப்பை வரவழைத்து, மூல எழுத்துமுறையாக 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வந்துவிடும்.

அதே இடத்தில் வீடியோ அடையாள எண் உள்ள நெடுவரிசையை உரை என்று குறித்துவிடுங்கள். யூடியூப்பின் பதினொரு எழுத்து அடையாளத்தில் சில, கழித்தல் குறியோடு தொடங்கும். எக்செல் அதைக் கணக்கீடு என்று எடுத்துக்கொண்டு `#NAME?` என்று காட்டும்.

பெயர் வெட்டுப்பட்ட கோப்புகளை அடையாளம் காண அதே பட்டியலில் வீடியோவின் நீளம் மில்லி விநாடியில் இருக்கிறது. வட்டிலுள்ள கோப்பின் நீளத்தை எடுத்துப் பொருத்துங்கள். எஃப்.எஃப்.எம்பெக் நிறுவினால் அதோடு `ffprobe` வரும்.

```
ffprobe -v error -show_entries format=duration,bit_rate:stream_tags=handler_name -of default=nw=1 file.mp4
```

பாலாற்றங்கரையான் | 24-2-2025, இரவு 11:20

தமிழ் வந்துவிட்டது. அந்தக் கட்டளை நீளத்தை மட்டுமல்ல, நான் முதல் நாள் கேட்ட கேள்விக்கான சான்றையும் காட்டியது. டேக்அவுட்டில் வந்த 12 நிமிடக் கோப்பு இது:

```
TAG:handler_name=VideoHandle
TAG:handler_name=SoundHandle
duration=724.383000
bit_rate=17012345
```

ஸ்டூடியோவில் இறக்கிய அதே வீடியோவில் `handler_name` என்ற இடத்தில் `ISO Media file produced by Google Inc.` என்று இருக்கிறது. முதலாவது என் போன் எழுதிய கோப்பு, இரண்டாவது கூகுள் சுருக்கி எழுதியது. விநாடிக்கான பிட் அளவும் முதலாவதில் 17 மெகாபிட், இரண்டாவதில் ஒன்றரையை எட்டவில்லை. பட்டியலிலும் இதன் நீளம் 724383 என்றே இருந்தது.

186 கோப்புகளையும் இப்படிச் சோதித்தேன். ஒன்பதில் மட்டும் கூகுளின் பெயர் இருந்தது. ஒரு கணம் பதறினேன், பிறகு புரிந்தது. அந்த ஒன்பதும் 2020க்குப் பிறகு நேரலையாக ஒளிபரப்பியவை. அவற்றுக்குப் போனில் ஏற்றிய கோப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. யூடியூப் பதிவு செய்ததுதான் மூலம்.

பாலாற்றங்கரையான் | 26-2-2025, இரவு 9:30

நீளத்தைக் கொண்டு பொருத்தும் முறை பெரும்பாலும் வேலை செய்தது, ஒரு தொகுதியில் மட்டும் செய்யவில்லை. 2016இல் கூத்தை நிறுத்தாமல் விடிய விடிய எடுத்தோம். கார்டில் 4 ஜி.பி. நிரம்பியதும் கோப்பு தானாக முறிந்து அடுத்தது தொடங்கும். அதனால் பதினான்கு பகுதிகளும் 33 நிமிடம் 41 விநாடி என்று ஒரே நீளம். பெயரும் ஒன்று, நீளமும் ஒன்று.

மேற்கண்ட கட்டளையில் `format_tags=creation_time` என்று கேட்டபோது, கோப்பு எழுதப்பட்ட நாளும் நேரமும் வந்தன. உலக நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த வரிசைப்படி அடுக்கினால் இரவு பத்தே கால் முதல் விடியற்காலை வரை பகுதிகள் தொடர்ச்சியாக நின்றன. ஐயம் தீர முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஓடவிட்டுப் பார்த்தேன். முதலாவதில் கட்டியங்காரன் வருகிறார். கடைசியில் மேடைக்குப் பின்னால் வானம் வெளுத்திருக்கிறது, முகவீணைக்காரர் தோள்துண்டால் முகம் துடைக்கிறார்.

கோப்புகளின் பெயரை இப்போது ஆண்டு, ஊர், இரவு, பகுதி, அடையாள எண் என்ற வரிசையில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அடையாள எண் பெயரில் இருந்தால் பட்டியலோடு பொருத்துவது என்றைக்கும் எளிது.

போளூர் முகவீணை | 27-2-2025, மாலை 6:20

இந்த இழையைப் படித்துவருகிறேன். 2016 விழாவில் முகம் துடைப்பவர் என் தந்தையாக இருக்கலாம். அந்த வீடியோவுக்குக் கீழே நான் ஒரு கருத்து எழுதியிருந்தேன், நீங்களும் பதில் எழுதினீர்கள். வீடியோவோடு அதையும் எடுத்தீர்களா?

பாலாற்றங்கரையான் | 27-2-2025, இரவு 10:50

இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. டேக்அவுட்டில் கருத்துகளையும் தேர்ந்தெடுத்திருந்தேன், அதனால் எல்லாம் வந்துவிட்டன என்று நினைத்தேன். இப்போது திறந்து பார்த்தால் சானலின் பெயரில் நாங்கள் எழுதிய பதில்கள் மட்டும் இருக்கின்றன. பார்த்தவர்கள் எழுதியது ஒரு வரிகூட இல்லை. "ஆமாம் ஐயா, அவரேதான்" என்ற என் பதில் இருக்கிறது, யாரைப் பற்றி என்ற கேள்வி இல்லை.

எங்கள் சானலின் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது. பெங்களூரில் வேலைக்குப் போனவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று பலரும் எந்த இரவில் யார் எந்த வேடம் கட்டினார், மிருதங்கம் யார், அவர் எந்த ஊர், எந்த ஆண்டு இறந்தார் என்றெல்லாம் பத்தாண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். வீடியோவில் நாங்கள் பெயர் போடாத கலைஞர்கள் பலருக்கு அந்தக் கருத்துகளில்தான் பெயர் இருக்கிறது.

காட்பாடிக்காரி | 28-2-2025, காலை 6:40

நல்ல வேளை, இன்னும் அழிக்கவில்லை. வீடியோக்களைத் தனிப்பட்டதாகவும் மாற்றிவிடாதீர்கள், பொதுவில் இருக்கும்போதே எடுப்பதுதான் எளிது. `yt-dlp` என்ற கருவி வீடியோவை இறக்காமல் கருத்துகள், விளக்கம், முகப்புப் படம் ஆகியவற்றை மட்டும் எடுத்துத் தரும். சானலின் வீடியோப் பக்க முகவரியைக் கடைசியில் கொடுங்கள். நேரலைகள் வேறு பக்கத்தில் இருப்பதால் அதற்கு ஒரு முறை தனியாக ஓட்டுங்கள்.

```
yt-dlp --skip-download --write-info-json --write-comments --write-thumbnail -o "%(id)s.%(ext)s" URL
```

முகப்புப் படத்தையும் சேர்த்தேன், ஏனென்றால் நீங்கள் தனியாக வரைந்து போட்ட படங்களை வீடியோக் கோப்புக்குள் தேடினால் கிடைக்காது.

வாலாஜா ஓய்வாசிரியர் | 28-2-2025, காலை 9:10

வெளிக் கருவிகளைப் பயன்படுத்துவது யூடியூப்பின் விதிகளுக்கு உடன்படாதது அல்லவா? அழிக்கப் போகும் நேரத்தில் கணக்குக்குத் தடை வந்தால் என்ன செய்வது?

காட்பாடிக்காரி | 28-2-2025, இரவு 9:25

ஐயா, கேள்வி நியாயமானது. விதிகளை ஒட்டியே போக விரும்புகிறவர்கள் கூகுளின் தரவு ஏ.பி.ஐ. வழியாக எடுக்கலாம். ஒரு அழைப்பில் நூறு கருத்துத் தொடர்கள் வரை வரும், நாளொன்றுக்குத் தரும் 10,000 அலகுகளில் ஒவ்வோர் அழைப்பும் ஓர் அலகுதான் தின்னும். 186 வீடியோக்களுக்கு அது தாராளம். ஆனால் அதற்குச் சாவி பெற்று, சிறு நிரலும் எழுத வேண்டும். பாலாற்றங்கரையார் விரும்பினால் நான் எழுதித் தருகிறேன்.

பாலாற்றங்கரையான் | 3-3-2025, இரவு 10:15

அக்கா எழுதித் தந்த நிரலின் வழியாகவே எடுத்தேன். 4,312 கருத்துகள் வந்தன. போளூர் ஐயாவின் கருத்தும் கிடைத்தது: "வலப்பக்கம் முகவீணை வாசிப்பவர் என் அப்பா. இந்த வருடம்தான் அவர் கடைசியாக உட்கார்ந்தது." அந்த வீடியோவின் விவரக் கோப்பில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். மூலக் கோப்பையும் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன் ஐயா.

போளூர் முகவீணை | 4-3-2025, காலை 7:45

நன்றி தம்பி. என் அப்பாவைப் பற்றி நான் எழுதியதை நீங்கள் வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் எல்லோரும் அப்படி நினைப்பார்களா என்பது தெரியவில்லை. சானல் அழியும்போது தாம் எழுதியதும் அழிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களும் இருப்பார்கள். குடும்பத் தகராறுகளைக்கூடச் சிலர் அங்கே எழுதியிருந்தார்கள். இரண்டு ஜமாவிலும் அது சுற்றுவது சரியா?

பாலாற்றங்கரையான் | 5-3-2025, இரவு 11:00

இரண்டு நாளாக அண்ணனும் நானும் இதைப் பற்றிப் பேசினோம். கலைஞர், வேடம், ஊர் பற்றிய செய்திகளை மட்டும் பிரித்து விவரக் கோப்பில் எழுதி, எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. பெயர் இல்லாத சாட்சிக்கு நாளைக்கு என்ன மதிப்பு, முழுதாகப் பூட்டி வைப்போம் என்கிறார் அண்ணன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதுவரை கருத்துகள் என் வட்டில் மட்டும் இருக்கும், வெளியில் போகாது.

ஆம்பூர் தோல்கடை | 9-3-2025, மாலை 4:30

என் பங்காளியை வாணியம்பாடியில் நேரில் பார்த்தேன். கேட்டுத் தருகிறேன் என்றார், இன்னும் தரவில்லை. அதற்குள் ஸ்டூடியோவில் எனக்குத் தெரிகிற புள்ளிவிவரங்களையாவது எடுக்கலாமா?

காட்பாடிக்காரி | 9-3-2025, இரவு 8:50

எடுங்கள். அது டேக்அவுட்டில் வராது. அனலிட்டிக்ஸ் பகுதியின் மேம்பட்ட நிலையில் காலத்தை முழுமைக்கும் மாற்றிவிட்டு ஏற்றுமதி அம்புக்குறியைத் தொட்டால் அட்டவணையாக இறங்கும்.

பாலாற்றங்கரையான் | 16-3-2025, காலை 10:20

இரண்டு 1 டி.பி. வட்டுகளில் முழுத் தொகுதியையும் நகலெடுத்தேன். நகல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸிலேயே உள்ள கட்டளையால் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை எடுத்து ஒப்பிட்டேன்.

```
certutil -hashfile file.mp4 SHA256
```

ஒரே ஒரு கோப்பில் வேறுபாடு வந்தது. மீண்டும் நகலெடுத்ததும் சரியாகிவிட்டது. நேற்று பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வைத்து ஒரு வட்டை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே தம் மடிக்கணினியில் செருகி, கைக்கு வந்த பத்து கோப்புகளை நடுவிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார்.

உடனே அழிக்க வேண்டாம், ஒரு மாதம் சானலை மறைத்துவைப்போம் என்றார் அண்ணன். அது சரியாக இருக்குமா?

காட்பாடிக்காரி | 16-3-2025, இரவு 9:15

காத்திருப்பது நல்லது, ஆனால் மறைக்கும் பொத்தானை எண்ணிப் பார்த்துத் தொடுங்கள். சானலை மறைத்தால் வீடியோக்கள் திரும்ப வரும், நீங்கள் சானல் பெயரில் எழுதிய கருத்துகளும் பதில்களும் நிரந்தரமாக அழிந்துவிடும். அதைவிட ஸ்டூடியோவில் எல்லா வீடியோக்களையும் தேர்ந்தெடுத்துத் தனிப்பட்டதாக மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஏதேனும் விட்டுப்போயிருந்தால் நீங்கள் போய் எடுக்கலாம். யூடியூப்பில் அழித்த வீடியோவை மீட்கக் குப்பைத் தொட்டி என்று ஒன்று கிடையாது.

பாலாற்றங்கரையான் | 20-4-2025, இரவு 9:05

ஒரு மாதம் தனிப்பட்டதாக வைத்திருந்ததில் ஒரு விடுபடல் தெரிந்தது. பிளேலிஸ்ட் பட்டியலில் வீடியோக்களின் அடையாள எண்கள் மட்டும் இருந்தன, பிளேலிஸ்டுகளுக்கு நாங்கள் எழுதிய நீண்ட அறிமுகங்களைச் சரிபார்க்காமல் விட்டிருந்தோம். அவற்றைக் கையால் நகலெடுத்தேன்.

இன்று மாலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். அமைப்புகளில் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய், சானலை நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தோம். மறைப்பது, நிரந்தரமாக அழிப்பது என்ற இரண்டு வழிகளில் இரண்டாவதைத் தொட்டோம். சானல் மட்டும்தான் போனது, எங்கள் இருவரின் ஜிமெயில் கணக்குகளும் அப்படியே இருக்கின்றன. கடைசிப் பொத்தானைத் தொடும் முன் அவர் தம் வட்டைச் செருகி எண்ணிக்கையைக் காட்டினார், நான் என்னுடையதைக் காட்டினேன். இரண்டிலும் 186.

குடியாத்தம் இளையவன் | 21-4-2025, காலை 8:10

அண்ணா, 2019இல் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த கூத்தும் அதில் இருக்கிறதா? என் மாமா அதில் வேடம் கட்டினார். பிரீமியத்தில் இறக்கி வைத்திருந்தேன், இப்போது போனில் ஓடவில்லை.

பாலாற்றங்கரையான் | 21-4-2025, இரவு 10:00

இருக்கிறது தம்பி. ஒன்பது பகுதிகள், 14 ஜி.பி. ஒரு 32 ஜி.பி. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து ஞாயிற்றுக்கிழமை எடுத்துவாருங்கள். மாமாவின் பெயரையும் வேடத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள், அந்த வீடியோவின் விவரத்தில் இன்னும் பெயர் இல்லை.